மூன்று கடை, மூன்று விலை: எது மலிவு என்று எப்படிச் சொல்வது?

செயலர்_சாட்ஸ்வொர்த் | 10 நவம்பர் 2025, இரவு 9.12

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் கோயில் குழுவின் செயலர் பொறுப்பு இந்த மாதம்தான் என் கைக்கு வந்தது. தைப்பூசக் காவடி 2026 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. அன்னதான மளிகைக்கு விலைப்புள்ளி கேட்டுக் கடைகளுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். போன வருடக் கோப்பைத் திறந்து பார்த்ததும் தலை சுற்றியது.

முந்தைய செயலர் மூன்று கடைகளுக்கு ஒரே வரி எழுதியிருக்கிறார்: "அரிசி 300 கிலோ, பருப்பு 100 கிலோ, சமையல் எண்ணெய் 60 லிட்டர், சர்க்கரை 50 கிலோ, காகிதத் தட்டு 3,000. விலை சொல்லவும்." அவ்வளவுதான். வந்த பதில்கள்:

முதல் கடை 14,350 ரேண்ட். அடியில் சின்ன எழுத்தில் "வாட் தனி, வண்டிக்கூலி தனி".
இரண்டாம் கடை 15,180 ரேண்ட். எல்லாம் அடக்கம், கோயிலில் இறக்கித் தருவார்கள்.
மூன்றாம் கடை 14,700 ரேண்ட். வேறு ஒரு சொல்லும் இல்லை.

குழு முதல் கடைக்குக் கொடுத்தது. கடைசியில் வந்த பில் 15,466. இப்போது கேள்வி: போன வருடம் உண்மையில் எந்தக் கடை மலிவு? இந்த வருடம் எப்படிக் கேட்டால் பதில்களை அருகருகே வைத்துப் பார்க்க முடியும்?

டோங்காட்_ராஜா | 10 நவம்பர், இரவு 9.40

இதில் என்ன குழப்பம்? வாட் 15 சதவீதம். 14,350க்கு 15 சதவீதம் சேர்த்தால் 16,502. பில் 15,466தான் என்றால் கடைக்காரர் ஆயிரம் ரேண்டுக்கு மேல் தள்ளுபடி கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர், அவரிடமே வாங்குங்கள். அதோடு, மூன்று விலை கேட்டால் குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும், அது சட்டம்.

பழைய_கொள்முதல் | 11 நவம்பர், காலை 6.05

ராஜா தம்பி, அவர் தள்ளுபடி எதுவும் கொடுக்கவில்லை. ஒரு மருத்துவமனைச் சமையலறைக்கு வருடக்கணக்கில் மளிகை வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்: அரிசி, காய்ந்த பருப்பு வகைகள், சமையல் எண்ணெய் மூன்றுக்கும் நம் நாட்டில் வாட் விகிதம் பூஜ்யம். ஆலிவ் எண்ணெய்க்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. சர்க்கரைக்கும் காகிதத் தட்டுக்கும் 15 சதவீதம் உண்டு. ஆகவே மொத்தத்தின் மேல் 15 சதவீதம் போட்டால் கணக்கு தவறும்.

செயலர் அம்மா, அந்தப் பில்லில் வரி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சட்டம் என்று சொன்னதும் சரியில்லை. அரசு அலுவலகங்களே பெரும்பாலும் 80/20 புள்ளி முறையில்தான் பார்க்கின்றன, அதிலும் விலைக்கு 80 புள்ளிதான். கோயில் அரசு அலுவலகம் இல்லை. குழு தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தால் அதுதான் விதி.

செயலர்_சாட்ஸ்வொர்த் | 11 நவம்பர், மதியம் 1.20

பில்லைத் தேடி எடுத்துவிட்டேன். அரிசி 5,250, பருப்பு 3,800, எண்ணெய் 1,860. இவை மூன்றும் சேர்ந்து 10,910, வரி இல்லை. சர்க்கரை 1,040, தட்டு 2,400, இரண்டும் 3,440. இதற்கு மட்டும் 15 சதவீதம், அதாவது 516. ஆகமொத்தம் 14,866. வண்டிக்கூலி 600 சேர்ந்து 15,466. ஐயா சொன்னபடியே இருக்கிறது.

அப்படியென்றால் இரண்டாம் கடையின் 15,180தான் உண்மையில் மலிவு, 286 ரேண்ட் வித்தியாசம். பெரிய தொகை இல்லை. ஆனால் 830 ரேண்ட் மிச்சம் என்று நினைத்து முதல் கடைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

டோங்காட்_ராஜா | 11 நவம்பர், மாலை 5.02

சரி, அரிசிக்கு வரி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் கடை 14,700 அல்லவா? அதுதான் எல்லாவற்றிலும் குறைவு. அதை ஏன் யாரும் பேசவில்லை?

சமையல்கட்டு_அக்கா | 11 நவம்பர், இரவு 8.15

நான் பேசுகிறேன். அந்தக் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். போன வருடம் அவரிடம் எந்தப் பருப்பு என்று கேட்டேன். பீ டால், அதாவது பட்டாணிப் பருப்பு, என்றார். கோயில் பருப்புக்கறிக்கு ஆயில் டால், அதாவது துவரம் பருப்பு, வேண்டும். பீ டால் விலை குறைவு, சீக்கிரம் வேகாது, ருசியும் வேறு. நூறு கிலோவில் அந்த வித்தியாசம் எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழு "பருப்பு" என்று எழுதினால் அவர் கையில் இருப்பதற்கு விலை சொல்வார். அவர்மேல் குற்றமில்லை.

தட்டும் அப்படித்தான். மெல்லிய தட்டில் சூடான பருப்பை ஊற்றினால் நடுவில் குழிந்துவிடும். சனங்கள் இரண்டு தட்டை ஒன்றாக எடுப்பார்கள். 3,000 தட்டு 1,500 பேருக்குத்தான் வரும்.

பழைய_கொள்முதல் | 12 நவம்பர், காலை 6.30

அக்கா சொன்னதுதான் இந்த விஷயத்தின் வேர். விலையை ஒப்பிடுவதற்கு முன் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்பவர் விட்ட இடைவெளியை ஒவ்வொரு கடைக்காரரும் தனக்குச் சாதகமாக நிரப்பிக்கொள்வார். அது ஏமாற்று இல்லை, அவர் தொழில்.

14,700 பற்றி இன்னொன்று. விலை சொல்லும்போது வரி அடங்கியதா இல்லையா என்று சொல்லாவிட்டால், அடங்கியதாகவே இங்கே வாட் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே வரியால் அந்தத் தொகை மேலே ஏறாது. ஆனால் ஒரே மொத்தத் தொகையாகக் கொடுத்தால், எந்தப் பொருளில் எவ்வளவு குறைத்தார் என்று தெரியாது. பொருள்வாரியாக விலை கேளுங்கள். ஒரு பொருளுக்கு மட்டும் விலை எல்லோரையும்விடக் கீழே போயிருந்தால், முதலில் பொருளைச் சந்தேகப்படுங்கள்.

மொரிஷியஸ்_கூடாரம் | 12 நவம்பர், மதியம் 2.11

எங்கள் ஊரிலும் வாட் 15 சதவீதம்தான். காவடிக்குப் பந்தல் போடக் கூடாரம் வாடகைக்கு எடுக்கிறோம். நால்வரிடம் விலை கேட்டால் நால்வரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் நாள் வாடகை, ஒருவர் முழு விழாவுக்கும் சேர்த்து, ஒருவர் நாற்காலியோடு, ஒருவர் பிரிக்கும் கூலி தனி. கூடாரத்துக்கு வரி எப்படி? முன்பணம் திரும்ப வருமா?

செயலர்_சாட்ஸ்வொர்த் | 12 நவம்பர், மாலை 6.00

அண்ணா, உங்கள் ஊர் வரி விவரம் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொன்ன நான்கும் என் மூன்றைப் போலத்தான் இருக்கின்றன. எத்தனை நாள், நாற்காலி உண்டா இல்லையா, பிரிக்கும் கூலி யாருடையது என்று நீங்களே எழுதி அனுப்பினால் அவர்கள் அதற்கு மட்டும் விலை சொல்லியாக வேண்டும்.

ஃபீனிக்ஸ்_கடைக்காரர் | 12 நவம்பர், இரவு 10.48

கடைக்காரன் பக்கமும் கேளுங்கள். மளிகை மொத்த வியாபாரம் என்னுடையது. விழாக் காலத்தில் வாரத்துக்குப் பல கடிதங்கள் வரும். "விலை சொல்லவும்" என்று மட்டும் வந்தால் நான் பாதுகாப்பாக, கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். எப்போது கொண்டுவர வேண்டும், எங்கே இறக்க வேண்டும், பணம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்கெல்லாம் விலை வைத்துவிடுவேன்.

இன்னொன்று. சில கோயில்கள் வருடா வருடம் கேட்கும், வருடா வருடம் தலைவரின் மச்சான் கடையில்தான் வாங்கும். மூன்று காகிதம் கோப்பில் இருக்க வேண்டும் என்பதற்காக என்னைக் கேட்பார்கள். அவர்களுக்கு நான் இப்போது பதிலே எழுதுவதில்லை. நியாயமாக ஒப்பிட வேண்டும் என்று நினைத்தால், முதலில் உண்மையாக வாங்க எண்ணம் இருக்கும் கடைகளுக்கு மட்டும் அனுப்புங்கள்.

செயலர்_சாட்ஸ்வொர்த் | 13 நவம்பர், இரவு 9.30

மச்சான் விஷயம் எங்கள் குழுவிலும் உண்டு. ஒருவரின் தம்பி கடை வைத்திருக்கிறார். அவரிடமும் கேட்கப்போகிறேன், ஆனால் பதில்களைத் திறக்கும்போது அந்த உறுப்பினர் அறையில் இருக்கமாட்டார். ஒத்துக்கொண்டார், முகம்தான் வாடிவிட்டது.

கடிதத்தின் முதல் வரைவு கீழே. கடைகளுக்கு ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

> பொருள்: விலைப்புள்ளி கோரல், தைப்பூசக் காவடி அன்னதானம். பதில் வர வேண்டிய கடைசி நேரம் 5 டிசம்பர் 2025 வெள்ளி, நண்பகல் 12 மணி.
>
> இணைத்துள்ள பட்டியலில் ஐந்து பொருட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உங்கள் மூட்டை அல்லது டின்னின் அளவு, வாட் இல்லாத விலை, வாட் விகிதம், வாட் சேர்த்த விலை நான்கையும் நிரப்பவும்.
>
> அரிசி: புழுங்கல், நீளமானது, 300 கிலோ. பருப்பு: ஆயில் டால், 100 கிலோ. எண்ணெய்: சூரியகாந்தி, 60 லிட்டர். சர்க்கரை: வெள்ளை, 50 கிலோ. தட்டு: 23 செ.மீ., கெட்டியானது, 3,000.
>
> விலையில் சாட்ஸ்வொர்த் கோயில் வாசலில் இறக்கித் தருவதும் அடங்க வேண்டும். கொண்டுவர வேண்டிய நாள் 28 ஜனவரி 2026, புதன், காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில்.
>
> பணம்: சரக்கு வந்து சரிபார்த்த பின் 7 நாட்களுக்குள் வங்கி வழியாக.

பழைய_கொள்முதல் | 14 நவம்பர், காலை 5.50

நன்றாக இருக்கிறது. நான்கு இடங்களில் கை வைக்கச் சொல்கிறேன்.

விலை எதுவரை செல்லும் என்று எழுதவில்லை. டிசம்பர் 5இல் விலை சொல்லி 14 நாளுக்குத்தான் செல்லும் என்று ஒருவர் எழுதினால், ஜனவரி 28இல் அந்த விலை இருக்காது. நம் அரிசி தாய்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது, ரேண்ட் ஆடினால் அரிசி விலையும் ஆடும். டிசம்பர் நடுவிலிருந்து பல மொத்தக் கடைகளில் பொறுப்பானவர்கள் விடுப்பில் போய்விடுவார்கள், புதுக் கணக்குப் போட ஆள் இருக்காது. "31 ஜனவரி 2026 வரை மாறாத விலை" என்று கேளுங்கள். அதற்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். சொல்லட்டும், எல்லோரும் ஒரே அடிப்படையில் கூட்டுவார்கள்.

அரிசியில் உடைசல் எத்தனை சதவீதம் வரை என்று எழுதுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று போட்டால் போதும்.

மாற்றுப் பொருளைத் தடுக்காதீர்கள், தனியாக எழுதச் சொல்லுங்கள். கேட்டதைக் கேட்டபடி ஒரு வரியில், அவர் பரிந்துரைப்பதை அதற்குக் கீழே வேறொரு வரியில். கேட்டது இல்லையென்றால் அந்த வரியைக் காலியாக விடட்டும். இல்லாவிட்டால் பீ டால் மறுபடியும் ஆயில் டால் வரிசையில் வந்து உட்காரும்.

கடைசியாக, பொருள்வாரியாகப் பிரித்துக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டா, முழுவதையும் ஒருவருக்கே கொடுப்பீர்களா என்பதை முன்பே சொல்லுங்கள். முழுவதும் கிடைக்கும் என்று நினைத்து சர்க்கரையில் விலையைக் குறைத்தவரிடம் சர்க்கரையை மட்டும் வாங்கினால் அவருக்கு வருத்தம் வரும்.

டோங்காட்_ராஜா | 14 நவம்பர், காலை 8.20

இவ்வளவு எழுதினால் எந்தக் கடைக்காரர் படிப்பார்? நான் தொலைபேசியில் "அண்ணா, எவ்வளவு?" என்று கேட்டு இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

ஃபீனிக்ஸ்_கடைக்காரர் | 14 நவம்பர், காலை 8.41

நான் படிப்பேன். ஐந்து வரிப் பட்டியலை நிரப்ப எனக்கு அதிக நேரம் ஆகாது. தொலைபேசியில் நான் சொன்ன விலையை நீங்கள் அடுத்த கடையில் சொல்லுவீர்கள், அவர் பத்து ரேண்ட் குறைப்பார். அதைத்தான் நான் விரும்புவதில்லை.

எங்களுக்கும் ஒரு கேள்வி உண்டு: கோயில் வாட் பதிவு பெற்றதா? பதிவு பெறாத கோயில் கொடுத்த வரியைத் திரும்பப் பெற முடியாது. அதற்கு வரி சேர்த்த விலைதான் உண்மையான விலை. பதிவு பெற்ற கம்பெனிக்கு வரி இல்லாத விலையைப் பார்த்தால் போதும். இரண்டும் ஒன்றல்ல.

செயலர்_சாட்ஸ்வொர்த் | 14 நவம்பர், இரவு 9.05

பதிவு இல்லை. ஆகவே பட்டியலின் கடைசிப் பத்தியாகிய "வாட் சேர்த்த விலை" மட்டும்தான் எங்களுக்குப் போட்டி. விகிதத்தை ஏன் கேட்கிறோம் என்றால், கடைக்காரர் அரிசிக்கு 15 சதவீதம் போட்டுவிட்டால் கண்ணில் படுவதற்காக.

சிறிய கடை ஒன்று வாட் பதிவே இல்லாமல் இருக்கலாம். அவர் வரி வசூலிக்க முடியாது, அவரது விலை அப்படியே கடைசிப் பத்தியில் போகும். எங்களைப் பொறுத்தவரை அவர் மற்றவர்களோடு சமமாக நிற்கிறார்.

ஐயா சொன்ன நான்கையும் சேர்த்துவிட்டேன். தட்டுக்கு ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒரே ஒரு மாதிரித் தட்டு கேட்கிறேன், அக்கா அதில் சுடு பருப்பு ஊற்றிப் பார்ப்பார்.

சமையல்கட்டு_அக்கா | 15 நவம்பர், காலை 7.00

ஒரு தட்டு போதாது. இரண்டு கொடுக்கச் சொல்.

செயலர்_சாட்ஸ்வொர்த் | 17 நவம்பர், மாலை 4.30

அனுப்பிவிட்டேன். ஐந்து கடைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மின்னஞ்சல், வார்த்தைக்கு வார்த்தை ஒன்றே. ஒரே கடிதத்தில் ஐந்து முகவரிகளைப் போட்டால் யார் யாரிடம் கேட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த ஊரில் மொத்த வியாபாரிகள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவார்கள், ஒருவருக்கொருவர் விலை பேசிக்கொண்டால் எங்களுக்குத் தெரியவும் தெரியாது. சந்தேகங்களை 28 நவம்பருக்குள் எழுத்தில் கேட்கலாம், கேள்வியும் பதிலும் ஐந்து பேருக்கும் போகும் என்று அடியில் சேர்த்திருக்கிறேன். யார் கேட்டார் என்பது மட்டும் போகாது.

செயலர்_சாட்ஸ்வொர்த் | 25 நவம்பர், இரவு 8.50

கேள்விகள் இரண்டு வந்தன. இரண்டும் பயனுள்ளவை.

முதலாவது: "கோயில் வளாகத்துக்குள் லாரி வருமா?" நான் யோசிக்கவே இல்லாத விஷயம். வாசல் வளைவுக்குள் பெரிய லாரி திரும்பாது, பக்கி என்கிற சிறிய சரக்கு வண்டிதான் வரும். இதைத் தெரியாமல் ஒரு கடை லாரிக்கூலியும், தெரிந்த கடை பக்கிக்கூலியும் சேர்த்து விலை சொல்லியிருந்தால் ஒப்பீடு அங்கேயே குலைந்திருக்கும். "பக்கி மட்டும், இறக்க ஆட்கள் நாங்கள் தருகிறோம்" என்று ஐந்து பேருக்கும் எழுதினேன்.

இரண்டாவது: "10 கிலோ அரிசி மூட்டை இல்லை, 5 கிலோ மூட்டை தரலாமா?" தரலாம், விலை கிலோக் கணக்கில் இருக்கட்டும் என்று பதில் போட்டேன். கேட்டவர் யாரென்று எங்கள் ஆட்களே கேட்டார்கள். சொல்லவில்லை.

டோங்காட்_ராஜா | 25 நவம்பர், இரவு 9.15

ஒரு விஷயத்தில் தங்கச்சியை ஒப்புக்கொள்கிறேன். லாரி கேள்வியை நான் தொலைபேசியில் கேட்டிருந்தால் அந்த ஒரு கடைக்கு மட்டும்தான் பதில் சொல்லியிருப்பேன்.

செயலர்_சாட்ஸ்வொர்த் | 5 டிசம்பர், இரவு 7.40

மூன்று பதில்கள் வந்தன. ஒரு கடை அன்பாக மறுத்துவிட்டது, ஒன்று மௌனம். நண்பகல் 12க்குள் வந்தவை இரண்டு, மூன்றாவது மாலை 3 மணிக்கு. குழுவில் மூன்று பேர் சேர்ந்து திறந்தோம், தம்பி கடை வைத்திருக்கும் உறுப்பினர் வெளியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அ கடை: கேட்டபடியே நிரப்பியது. எல்லாம் அடக்கம் 15,900.
ஆ கடை: தன் சொந்த விலைப்பட்டியலை அனுப்பிவிட்டது. நானே எங்கள் பட்டியலுக்கு மாற்றி எழுதி, இது சரிதானா என்று அவர்களிடம் உறுதி கேட்டேன், ஆமாம் என்று எழுத்தில் வந்தது. 16,250, இதில் வண்டிக்கூலி 350 என்று தனியாகக் காட்டியிருக்கிறார்கள்.
இ கடை, தாமதமாக வந்தது: 15,980. ஆனால் அடியில் "முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்தால் 5 சதவீதம் தள்ளுபடி". கணக்குப் போட்டால் 15,181.

மாதிரித் தட்டுகள் மேசை மேல் இருக்கின்றன. அக்காவின் சோதனையில் ஆ கடைத் தட்டும் அ கடைத் தட்டும் நின்றன. இ கடைத் தட்டின் நடுப்பகுதி ஒரு நிமிடத்தில் தொய்ந்தது, ஆனால் ஓட்டை விழவில்லை.

டோங்காட்_ராஜா | 5 டிசம்பர், இரவு 8.02

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 15,181 எங்கே, 15,900 எங்கே! 719 ரேண்ட். பணம் வங்கியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. கொடுத்துவிடுங்கள்.

பழைய_கொள்முதல் | 6 டிசம்பர், காலை 6.10

கடிதத்தில் பணம் சரக்கு வந்த பின் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிபந்தனையில் இ கடையின் விலை 15,980, அ கடையின் விலை 15,900. முன்பணம் என்பது வேறு நிபந்தனை. அதை ஏற்பதாக இருந்தால் மற்ற இருவருக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். ஒருவரின் முன்பண விலையை இன்னொருவரின் பின்பண விலையோடு நிறுத்துப் பார்க்கக் கூடாது.

தாமதம் பற்றி நான் கறார். 3 மணிக்கு வந்ததை ஏற்றுக்கொண்டால், 12 மணிக்கு அனுப்பியவர் ஏன் ஓடினார்?

சமையல்கட்டு_அக்கா | 6 டிசம்பர், காலை 9.20

ஐயா கறாராக இருக்கலாம், கோயிலில் வெறும் மூன்று பதில்தான். அதில் ஒன்றைத் தூக்கிப் போட்டால் இரண்டுதான் மிச்சம். ஆனால் அந்தத் தட்டு எனக்கு வேண்டாம்.

ஃபீனிக்ஸ்_கடைக்காரர் | 6 டிசம்பர், மதியம் 12.33

தாமதம் எங்களுக்குள் நடப்பதுதான். அன்று வெள்ளிக்கிழமை, சரக்கு வந்த நாளாக இருந்திருக்கும். ஆனாலும் உங்கள் கடிதத்தில் நேரம் போட்டிருந்தால் அதை ஒருமுறை நெகிழ்த்தினால் அடுத்த வருடம் எல்லோரும் 3 மணிக்குத்தான் அனுப்புவார்கள். தாமதமாக வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

செயலர்_சாட்ஸ்வொர்த் | 7 டிசம்பர், இரவு 9.50

குழு கூடியது. தாமதத்தை இந்த ஒருமுறை ஏற்றுக்கொள்ளலாம் என்று இருவர், கூடாது என்று இருவர், நான் நடுவில். முடிவாகவில்லை. அதைத் தள்ளிவைத்துவிட்டு, முன்பணம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று மூன்று கடைகளுக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன். கடைசி நேரம் 10 டிசம்பர், நண்பகல் 12.

பிரித்து வாங்குவதையும் பார்த்தேன். சர்க்கரையும் தட்டும் ஆ கடையில் அ கடையைவிட 260 ரேண்ட் குறைவு. அவற்றை மட்டும் ஆ கடையில் வாங்கினால் 15,640. ஆனால் அதற்காக ஆ கடையின் வண்டி தனியாக வர வேண்டும், கூலி 350. ஆகமொத்தம் 15,990. அ கடையில் எல்லாவற்றையும் வாங்குவதைவிட 90 ரேண்ட் அதிகம். வண்டிக்கூலியைத் தனியாகக் காட்டியிருந்ததால்தான் இது தெரிந்தது.

செயலர்_சாட்ஸ்வொர்த் | 10 டிசம்பர், மாலை 6.15

அ கடை முன்பணத்துக்கு 2 சதவீதம், 15,582. ஆ கடை ஒன்றும் குறைக்கவில்லை. இ கடை பழைய 5 சதவீதத்தோடு நின்றது, 15,181.

குழுவில் இருவர் எந்தக் கடைக்கும் முழுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். சரக்கு ஜனவரி 28இல்தான் வரும், ஏழு வாரம் பணம் வெளியில் இருக்கும், மூட்டை குறைந்தாலும் கேட்க நம் கையில் பிடி இருக்காது என்பது அவர்கள் வாதம். ஆகவே பின்பண விலைக்கே வந்தோம். 15,900க்கு அ கடை.

டோங்காட்_ராஜா | 10 டிசம்பர், மாலை 6.40

பாதிப் பணம் முன்கூட்டி, பாதி பின்னால் என்று யாராவது கேட்டீர்களா? இல்லை. 719 ரேண்டை விட்டுவிட்டீர்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

பழைய_கொள்முதல் | 11 டிசம்பர், காலை 5.45

பாதிப் பணம் கேட்கத் தகுந்த கேள்விதான். அதையும் மூவருக்கும் அனுப்பியிருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. ஆனால் ஒவ்வொரு சுற்றும் கேட்டுக்கொண்டே போனால் கடைக்காரர் விலையை முதலிலேயே ஏற்றிவைத்துவிட்டுப் பிறகு குறைப்பார். எங்கே நிறுத்துவது என்பதில் எனக்கே இன்னும் ஒரு முடிவு இல்லை.

செயலர்_சாட்ஸ்வொர்த் | 11 டிசம்பர், இரவு 8.20

அ கடைக்கு ஆணை போய்விட்டது. விலைப்புள்ளியின் எண்ணையும் தேதியையும் போட்டு, "31 ஜனவரி வரை மாறாத விலை" என்ற அவர்கள் வரியையும் அப்படியே எடுத்து எழுதினேன். மற்ற இரண்டு கடைகளுக்கும் உங்களுக்குக் கிடைக்கவில்லை, உங்கள் விலை இரண்டாம் அல்லது மூன்றாம் இடம் என்று மட்டும் எழுதினேன். வென்றவரின் விலையைச் சொல்லலாமா என்பதில் இங்கே யாருக்காவது வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள்.

ஃபீனிக்ஸ்_கடைக்காரர் | 11 டிசம்பர், இரவு 9.05

இடத்தைச் சொன்னால் போதும். விலையைச் சொன்னால் அடுத்த வருடம் எல்லோரும் அதற்கு ஐந்து ரேண்ட் கீழே நிற்பார்கள்.

மொரிஷியஸ்_கூடாரம் | 12 டிசம்பர், காலை 10.30

நானும் இதே மாதிரி எழுதி நான்கு கூடாரக்காரர்களுக்கு அனுப்பினேன். நாள், நாற்காலி, பிரிக்கும் கூலி எல்லாம் பட்டியலில். மூன்று பதில் வந்துவிட்டது. காற்று பலமாக அடித்தால் கட்டும் கயிறும் ஆணியும் யாருடையவை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதை மற்ற மூவருக்கும் இப்போதே அனுப்பப்போகிறேன்.

சமையல்கட்டு_அக்கா | 12 டிசம்பர், மாலை 7.10

செயலரே, 28ஆம் தேதி காலை ஏழுக்குத் தராசு கொண்டுவந்து வாசலில் வை. எல்லா மூட்டையையும் நிறுக்க நேரமில்லை, ஐந்தை மட்டும் எடுத்து நிறுப்போம். ஆயில் டால் மூட்டையை நானே பிரித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட விடுவேன்.